ஆளுக்கு ஒரு வரி: விருந்து லிஸ்டிலிருந்து பெயர் அட்டை வரை

வீட்டு விசேஷத்துக்கு யார் யாரை அழைப்பது என்று உட்கார்ந்தால் முதலில் வெளியே வருவது ஒரு நோட்டு. அதில் வரிகள் இப்படி இருக்கும்: ‘வேலூர் அத்தை – 5’, ‘பெங்களூரு கார்த்தி – 3’, ‘அப்பா ஆபீஸ் – 6’, ‘மாடி வீடு – 2’. மண்டபத்தில் பந்தி போட்டுப் பரிமாற இந்தக் கணக்கே போதும். முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் அடுத்த பந்தியில் உட்காருவார். சமையற்காரருக்குத் தோராயமாக இத்தனை இலை என்று சொன்னால் வேலை முடிந்தது.

இப்போது பல குடும்பங்கள் அறுபதாம் கல்யாணத்து மாலை விருந்தையும், பெற்றோரின் 50-ஆம் திருமண நாளையும், மகளின் வரவேற்பையும் ஓட்டல் அரங்கில் வட்ட மேசை போட்டு நடத்துகின்றன. மேசைக்கே வந்து பரிமாறுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அங்கே ‘வேலூர் அத்தை – 5’ என்ற வரி போதாது. அந்த ஐந்து பேர் யார், அவர்களில் யார் அசைவம் சாப்பிடமாட்டார்கள், யாருக்கு முழங்கால் வலி, எந்தக் குழந்தைக்குத் தனி நாற்காலி வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்க முடியும். முன்கூட்டியே இடம் ஒதுக்காத அரங்கில் என்ன நடக்கும் என்பது எல்லோரும் பார்த்ததுதான். முதலில் வந்தவர்கள் மேசைக்கு நாலு பேராக உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பார்கள். கடைசியில் வரும் ஆறு பேர் குடும்பம் மூன்று மேசைகளில் சிதறிப்போகும்.

பெயர் அட்டையும் இருக்கை வரைபடமும் இதற்குத்தான். இந்த வேலை முழுவதும் ஒரே ஒரு விதியில் நிற்கிறது: வீட்டுக்கு ஒரு வரி எழுதாமல் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் வரைபடம், அட்டை, சமையலறைக் கணக்கு, வாசல் பலகை எல்லாம் அதே லிஸ்டிலிருந்து தாமாக வந்துவிடும். ஒரு பெயரை இரண்டாம் முறை தட்டச்சு செய்யவே வேண்டியிருக்காது.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். பெற்றோரின் 50-ஆம் திருமண நாளுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் இரவு விருந்து. நோட்டில் 36 வரிகள். வரிகளின் ஓரத்தில் உள்ள எண்களைக் கூட்டினால் 130 பேர் வருகிறது.

நோட்டைப் பிரிப்பது

முதல் வேலை, ஒவ்வொரு வரியையும் அம்மாவிடம் வாசித்து ஆட்களின் பெயரை வாங்குவது.

“வேலூர் அத்தை வீட்ல அஞ்சு பேர் யாரும்மா?”

“அத்தை, மாமா, கார்த்தி, அவன் பொண்டாட்டி, குழந்தை.”

“கார்த்தி பெங்களூர்லல்ல இருக்கான்? கீழ அவனுக்குத் தனியா மூணுன்னு போட்டிருக்கே.”

“அது அப்பா எழுதினது.”

நோட்டுக் கணக்கில் எட்டு. ஆள் கணக்கில் ஐந்து. எல்லா வீட்டு நோட்டிலும் இது நடக்கும். ஒருவர் பூர்வீக ஊரை வைத்து எழுதுவார், இன்னொருவர் இப்போது இருக்கும் ஊரை வைத்து எழுதுவார். அம்மா ‘அண்ணன் வீடு’ என்று எழுதியதை மகள் ‘மதுரை மாமா’ என்று எழுதியிருப்பாள். நம் உதாரணத்தில் இப்படி ஒன்பது பேர் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 130 என்பது 121 ஆகிறது. ஓட்டலில் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டும்போது ஒன்பது சாப்பாடு என்பது சின்னத் தொகை அல்ல.

இந்தப் பெயர்களைக் கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ ஏற்றுங்கள். ஷீட்டுக்கு ‘விருந்தினர்’ என்று பெயர் வையுங்கள். பத்துப் பத்திகள் போதும். A-யில் வரிசை எண், B-யில் தலைப்பெழுத்து, C-யில் பெயர், D-யில் வீடு, E-யில் அப்பா வழியா அம்மா வழியா நண்பரா என்பது, F-யில் வருகை, G-யில் உணவு, H-யில் குறிப்பு, I-யில் மேசை எண், J-யில் அட்டையில் அச்சாகும் பெயர்.

தலைப்பெழுத்துக்கு ஏன் தனிப் பத்தி? ‘ஆர். சுந்தரம்’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால், அகர வரிசைப்படுத்தும்போது அவர் ‘ஆ’ வரிசைக்குப் போய்விடுவார். வாசலில் மாட்டிய பலகையில் அவர் தன்னைச் ‘சு’ வரிசையில் தேடிக்கொண்டிருப்பார். பிரித்து வைத்துக்கொண்டு, அட்டைக்காக J பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்:

```
=IF(B2="",C2,B2&" "&C2)
```

ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று பார்க்க, பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF(J:J,J2)>1
```

TRUE என்று வரும் வரிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். உண்மையிலேயே இரண்டு ‘எஸ். லட்சுமி’ இருக்கலாம். அப்படியானால் ஒருவர் அட்டையில் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே அட்டையின் முன் வந்து நிற்பார்கள். ‘கார்த்தி’ என்றும் ‘கார்த்திக்’ என்றும் இரு விதமாக எழுதியதை இந்தச் சூத்திரம் பிடிக்காது. அதற்கு C பத்தியை ஒரு முறை அகர வரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழே வாசிப்பதுதான் வழி.

பெயரை எப்படி எழுதுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ‘திருமதி சுந்தரம்’ என்று எழுதாதீர்கள்; அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதையே எழுதுங்கள். குழந்தைக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் போதும். எழுத்துப் பிழை வந்தால் மனசு சங்கடப்படும் என்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்பி அந்த வீட்டுப் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதே செய்தியில் யார் யார் வருகிறார்கள், சைவமா அசைவமா என்றும் கேட்டுவிடலாம். ‘எத்தனை பேர் வருவீங்க’ என்று கேட்டால் ‘நாலு பேர்’ என்றுதான் பதில் வரும். பெயர்களை எழுதி அனுப்பி ‘இதில் யாராவது வரமுடியாமல் இருக்கிறதா’ என்று கேட்டால் பெயரோடு பதில் வரும்.

F பத்தியில் மூன்றே சொற்களை வையுங்கள்: ‘வருகிறார்’, ‘இல்லை’, ‘மடி’. கடைசிச் சொல் மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தைக்கு. அதற்கு நாற்காலியும் அட்டையும் வேண்டாம். ஆனால் அந்த மேசையில் தொட்டிலோ தள்ளுவண்டியோ நிற்க இடம் வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 14 பேர் வரவில்லை, 3 பேர் மடிக்குழந்தைகள், 104 பேருக்கு நாற்காலி வேண்டும்.

அரங்கும் மேசையும்

ஓட்டல்காரர் ‘டேபிளுக்குப் பத்துப் பேர்’ என்பார். மேசையின் விட்டத்தைக் கேளுங்கள். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட மேசை விளிம்பில் சுமார் இரண்டு அடி வேண்டும். ஐந்தடி வட்ட மேசையின் சுற்றளவு 15.7 அடி, எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும். ஆறடி மேசையின் சுற்றளவு 18.8 அடி, ஒன்பது பேர் தாராளமாக உட்காரலாம், பத்துப் பேர் கொஞ்சம் ஒட்டி உட்காரலாம். ஐந்தடி மேசையில் பத்து நாற்காலி போட்டுவிட்டு ‘பத்துப் பேர்’ என்று கணக்குச் சொல்லும் இடங்களும் உண்டு. பட்டுப்புடவை கட்டிய பத்துப் பெண்கள் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

நம் அரங்கில் ஆறடி மேசைகள். மேசைக்குப் பத்து நாற்காலி போடச் சொல்லி, ஒன்பது பேருக்கு மேல் ஒதுக்காமல் விடுகிறோம். 104 பேரை 12 மேசைகளில் வைக்கலாம்: எட்டு மேசைகளில் ஒன்பது ஒன்பது பேர், நான்கு மேசைகளில் எட்டு எட்டுப் பேர். ஒவ்வொரு மேசையிலும் ஒன்றிரண்டு நாற்காலி காலியாக இருக்கும். ஊரிலிருந்து வந்த ஒருவர் கூடவே ஒரு பேரனை அழைத்துவந்தால் அவனை அவர் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடலாம். உபரி ஆட்களுக்கென்று கடைசியில் ஒரு தனி மேசை போட்டால், எதிர்பாராமல் வந்தவர்கள் எல்லோரும் அங்கே அந்நியர்களாக உட்கார வேண்டிவரும். காலி நாற்காலிகளைப் பரவலாக விடுவதுதான் நல்லது.

அரங்கை நேரில் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேடை, நுழைவாசல், சமையலறைக் கதவு, கழிவறை, தூண்கள், ஒலிபெருக்கிகள் ஆறும் அதில் இருக்க வேண்டும். இரண்டு மேசைகளின் விளிம்புகளுக்கு நடுவே ஐந்தடியாவது விட வேண்டும். இரு பக்கமும் நாற்காலியில் ஆள் உட்கார்ந்த பிறகு பரிமாறுபவர் தட்டோடு போக அவ்வளவு தேவைப்படும்.

மேசைகளுக்கு எண் கொடுக்கும்போது வாசலிலிருந்து நடந்து போகும் வழியில் 1, 2, 3 என்று கொடுங்கள். மேடையிலிருந்து எண்ண ஆரம்பித்தால் எண் வரிசையே மரியாதை வரிசையாகிவிடும். பதினோராம் எண் கிடைத்த பெரியப்பா அதை மறக்க மாட்டார்.

யாரை எங்கே

மேசை ஒதுக்குவதில் மனிதர் பலர் செய்யும் தவறு, லிஸ்டின் மேலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வைத்துக்கொண்டே வருவது. பாதி தூரம் எளிதாகப் போகும். கடைசியில் ஆறு பேர் குடும்பம் ஒன்று மிஞ்சும். எந்த மேசையிலும் ஆறு இடம் சேர்ந்தாற்போல் இருக்காது. அசைய முடியாதவர்களை முதலில் வைக்க வேண்டும், எளிதாக அசைக்கக்கூடியவர்களைக் கடைசியில் வைக்க வேண்டும்.

முதலில் தம்பதியரின் மேசை. இதில் பிள்ளைகளும் மருமக்களும்தான் உட்கார வேண்டும் என்று தோன்றும். ஆனால் விருந்து கொடுப்பவர்கள் அவர்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த மேசை பாதி காலியாகத் தெரியும். தம்பதியரோடு அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும், 50 வருடத்துக்கு முன் அந்தக் கல்யாணத்தில் கூட நின்றவர்களையும் உட்கார வையுங்கள். மகனுக்கு ஒரு மேசை, மகளுக்கு ஒரு மேசை என்று பிரித்து வைத்தால் அந்தந்த மேசையில் உபசரிக்க வீட்டு ஆள் ஒருவர் இருப்பார்.

அடுத்து உடம்புக்கு முடியாதவர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசை விளிம்பில் இரண்டு நாற்காலி அளவு இடம் விட்டு, நடைபாதைப் பக்கம் இடம் கொடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதானவர்களை மரியாதைக்காக மேடைக்கு முன்னால் வைப்பது வழக்கம். பெரும்பாலும் ஒலிபெருக்கியும் அங்கேதான் நிற்கும். காதில் கருவி வைத்திருப்பவர்களுக்கு அது வேதனை. மேடை தெரிகிற, ஒலிபெருக்கி நேராகப் பார்க்காத மேசையைத் தேடிக் கொடுங்கள். கைக்குழந்தைக்காரர்களுக்கு வாசலுக்குப் பக்கத்து மேசை.

மூன்றாவது உணவு. நம் 104 பேரில் 41 பேர் சைவம். அவர்களில் 26 பேர் வீட்டோடு சைவம். பிரியாணித் தட்டு பக்கத்தில் வந்தாலே சாப்பிட முடியாதவர்கள் இந்த வீடுகளில்தான் இருப்பார்கள். இந்த 26 பேரை ஒன்பது, ஒன்பது, எட்டு என்று மூன்று மேசைகளில் வைத்து, அந்த மூன்றையும் சைவ மேசை என்று ஓட்டலுக்குச் சொல்லிவிட வேண்டும். மீதி 15 பேர் ஒரே வீட்டில் ஒருவர் சைவம் ஒருவர் அசைவம் என்று இருப்பவர்கள். வீட்டிலும் சேர்ந்தேதான் சாப்பிடுகிறார்கள். அவர்களைப் பிரிக்க வேண்டாம். அட்டையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தால் பரிமாறுபவர் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

நான்காவது, ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். எந்தக் குடும்பத்திலும் இது உண்டு. ஒரே மேசையில் வைக்காமல் இருப்பது மட்டும் போதாது; முதுகுக்கு முதுகு வரும் பக்கத்து மேசைகளும் வேண்டாம். ஆனால் இந்த விவரத்தை லிஸ்டில் எழுதாதீர்கள். அந்த லிஸ்டை நாளைக்குச் சித்தி மகளுக்கு லிங்க் அனுப்புவீர்கள், அவள் இன்னொருவருக்கு அனுப்புவாள். ‘இவருக்கும் அவருக்கும் ஆகாது’ என்ற குறிப்பு ஊர் முழுக்கப் போய்விடும். அதைத் தனித் தாளில் எழுதி, வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு மிச்ச வீடுகள். பெரிய வீட்டை முதலில் வையுங்கள், சின்ன வீட்டைப் பிறகு. ஆறு பேர் வீட்டை ஒரு மேசையில் வைத்துவிட்டு அதோடு மூன்று பேர் வீட்டைச் சேர்க்கலாம். வேலூர் அத்தை வீட்டு ஐவரோடு நான்கு பேர் வீடு ஒன்று. அதன்பின் மூன்று மூன்று மூன்று, நான்கு மூன்று இரண்டு என்று சேர்ப்பது எளிது. தனியாக வரும் அப்பாவின் பழைய நண்பரைக் கடைசியில் எங்கு இடம் இருக்கிறதோ அங்கே போட்டுவிடத் தோன்றும். அந்த மேசையில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார்.

ஒவ்வொரு ஆளின் வரியிலும் I பத்தியில் மேசை எண்ணைப் போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டாவது ஷீட்டில் A2-லிருந்து 1 முதல் 12 வரை எழுதி, பக்கத்தில் இதைப் போட்டால் எந்த மேசையில் எத்தனை பேர் என்று உடனுக்குடன் தெரியும்:

```
=COUNTIFS('விருந்தினர்'!I:I,A2,'விருந்தினர்'!F:F,"வருகிறார்")
```

அடுத்த பத்தியில் இதோடு `'விருந்தினர்'!G:G,"சைவம்"` என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் மேசைவாரியாகச் சைவக் கணக்கு வந்துவிடும். சமையலறைக்குக் கொடுக்க வேண்டிய தாள் அதுதான். மேசைவாரி ஆள் கணக்கின் கூட்டுத்தொகை 104 வருகிறதா என்று கடைசியில் பாருங்கள். குறைந்தால் யாருக்கோ மேசை போடவில்லை. ‘சைவம்’ என்பதற்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தால் சைவக் கணக்கு குறையும்.

வாசல் பலகை

மேசை வாரியாகப் பெயர்களை எழுதிய பெரிய பலகையை வாசலில் வைப்பது பார்க்க அழகு. ஆனால் வருகிறவருக்குத் தன் மேசை எண் தெரியாது; அதைத் தெரிந்துகொள்ளத்தான் பலகைக்கு வருகிறார். 12 மேசைப் பட்டியலையும் வாசித்த பிறகுதான் அவர் பெயர் கிடைக்கும். அதற்குள் பின்னால் இருபது பேர் நின்றுவிடுவார்கள். வாசல் பலகை பெயரின் அகர வரிசையில் இருக்க வேண்டும்: சுந்தரம், ஆர். – 7. C பத்தியை வைத்து அடுக்கிய அதே லிஸ்ட்தான் இது. மேசைவாரிப் பட்டியல் பரிமாறும் மேற்பார்வையாளருக்கும், அட்டைகளை அடுக்கப்போகும் வீட்டு ஆளுக்கும்.

கூகுள் ஷீட்ஸில் அந்தப் பட்டியலை எடுக்க, மூன்றாம் மேசைக்கு இப்படி:

```
=FILTER('விருந்தினர்'!J:J,'விருந்தினர்'!I:I=3,'விருந்தினர்'!F:F="வருகிறார்")
```

அட்டை அச்சிடுவது

மேசையில் கூடாரம்போல் நிற்கும் அட்டைதான் வசதி. விரித்த நிலையில் 9 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், நடுவில் மடித்தால் 4.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஒரு ஏ4 தாளில் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, ஆக ஆறு அட்டை அடங்கும். 104 அட்டைக்கு 18 தாள். கையால் எழுதிக்கொள்ளப் பெயரில்லா அட்டைகளுக்கு இன்னும் இரண்டு தாள்.

அட்டைக்கென்று ஒரு தனி ஷீட்டில் ‘வருகிறார்’ என்று இருப்பவர்களை மட்டும் மேசை எண் வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். முதல் வரியில் தலைப்பாக Name, Table, Food என்று வையுங்கள். இதை .xlsx கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். .csv ஆக இறக்கி எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து புரியாத குறிகளாக வருவது உண்டு.

வேர்டில் Mailings → Start Mail Merge → Labels → New Label என்று போய் அளவுகளைக் கொடுக்க வேண்டும். பக்கம் ஏ4, Top margin 1.35 செ.மீ., Side margin 1.5 செ.மீ., உயரமும் அகலமும் 9 செ.மீ., இரண்டு Pitch-உம் 9 செ.மீ., Number across 2, Number down 3. பிறகு Select Recipients மூலம் கோப்பைச் சேர்த்து, முதல் கட்டத்தில் Insert Merge Field வழியாகப் பெயரை வையுங்கள். மடிப்புக்குக் கீழே உள்ள பாதிதான் விருந்தினர் பார்க்கும் முகம். மேல் பாதி பின்பக்கம் போய்விடும். பெயர் கீழ்ப்பாதியின் நடுவில் விழும்படி மேலே வெற்று வரிகள் விடுங்கள். பெயருக்குக் கீழே ஓரமாக மேசை எண்ணைச் சின்ன எழுத்தில் வைத்தால், அட்டைகள் கலைந்துபோனாலும் திரும்ப அடுக்கிவிடலாம்.

அடுத்து Update Labels-ஐ அழுத்த வேண்டும். இதை மறந்தால் தாளுக்கு ஒரு அட்டையில் மட்டும் பெயர் இருக்கும், மற்ற ஐந்தும் வெறுமையாக வரும். அதைப் பார்த்தவுடன் காரணம் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். Preview Results-இல் பார்த்துவிட்டு Finish & Merge → Edit Individual Documents கொடுத்தால் 18 பக்கமும் தயார்.

தமிழில் அச்சிடும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் பழைய வடிவிலேயே நின்றால், எழுத்துருச் சாளரத்தில் Complex scripts என்ற பகுதியிலும் அதே எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும். வரி இடைவெளியை Exactly என்று வைத்திருந்தால் ‘கீ’, ‘மி’ ஆகியவற்றின் மேல் சுழியோ ‘மு’, ‘கு’ ஆகியவற்றின் கீழ்ப் பகுதியோ வெட்டுப்படும். Single என்று மாற்றுங்கள். 24 புள்ளி அளவில் ‘மீனாட்சி’ அழகாக உட்காரும், ‘மீனாட்சிசுந்தரேஸ்வரன்’ இரண்டு வரியாக உடையும். லிஸ்டில் மிக நீளமான பெயரை முதலில் போட்டுப் பார்த்து, அதற்கு ஏற்ற அளவை எல்லோருக்கும் வையுங்கள். ஒருவர் பெயர் பெரிதாகவும் இன்னொருவர் பெயர் சின்னதாகவும் ஒரே மேசையில் நின்றால் கண்ணை உறுத்தும்.

அச்சுக் கடைக்குக் கொடுப்பதென்றால் வேர்டு கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பல கடைகளின் கணினிகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. உங்கள் யூனிகோடு தமிழ் அங்கே கட்டங்களாகத் தெரியலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கலாம். கடைக்காரர் உதவியாகத் திரும்பத் தட்டச்சு செய்து கொடுப்பார். அங்கேதான் ‘சுந்தரம்’ ‘சுந்தாம்’ ஆவது. பிடிஎஃப்-இல் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் இந்தத் தொல்லை வராது.

வீட்டிலேயே அச்சிடுவதென்றால் 200 ஜிஎஸ்எம் அளவுள்ள, பளபளப்பில்லாத அட்டை வாங்குங்கள். அதைவிடத் தடிமனானது பல வீட்டு பிரிண்டர்களில் சிக்கிக்கொள்ளும். பளபளப்பான ஆர்ட் அட்டையில் இங்க்ஜெட் மை உலராமல் விரலில் ஒட்டும். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பக்கம் எடுத்து அளவுகோலால் அளந்து பாருங்கள். 9 செ.மீ. இருக்க வேண்டியது 8.7 இருந்தால், பிரிண்டர் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கியிருக்கிறது என்று அர்த்தம். அச்சிடும் சாளரத்தில் Fit என்பதை Actual size என்று மாற்றுங்கள்.

வெட்டிய அட்டையை அப்படியே கையால் மடித்தால் மடிப்பு கோணலாகும், அட்டையின் மேல்தோல் வெடிக்கும். மை தீர்ந்த ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து மடிப்புக் கோட்டில் ஒரு முறை அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். கோடு போட்டதுபோல் நேராக மடியும். சைவக்காரர் அட்டைகளில் பச்சைப் புள்ளி ஒட்டுவதை இந்தக் கட்டத்தில் செய்யலாம். மடித்த அட்டைகளை மேசைக்கு ஒரு உறை என்று பன்னிரண்டு உறைகளில் போட்டு, உறை மேல் எண் எழுதி, உள்ளே அந்த மேசையின் பட்டியலையும் வைத்துவிடுங்கள்.

கடைசி மூன்று நாள்

விருந்துக்கு மூன்று நாள் முன்பு லிஸ்டை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் வரவில்லை என்றால் அவர் அட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். புதிதாக ஒருவர் வருகிறார் என்றால் காலி அட்டையில் கையால் எழுதி, காலி நாற்காலியில் இடம் கொடுங்கள். ஒரு மாற்றத்துக்காக மேசை எண்களையே திருப்பிப் போட ஆரம்பித்தால், அச்சான வாசல் பலகையும் அட்டைகளும் சமையலறைத் தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போகும். லிஸ்டில் கைவைக்கும் உரிமையும் வீட்டில் ஒருவருக்கே இருக்கட்டும். மற்றவர்கள் அவரிடம் சொன்னால் போதும்.

அட்டைகளை வைக்கும்போது வீட்டு ஆட்கள் அடுத்தடுத்து வரும்படியும், குழந்தை அம்மாவின் பக்கத்திலும், மேடையைப் பார்த்த நாற்காலி பெரியவர்களுக்கும் கிடைக்கும்படியும் வையுங்கள். லிஸ்டில் மேசை எண் மட்டும் இருந்தால் போதும், நாற்காலி எண் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். மேசைக்குள் வரிசையை நேரில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பஃபே விருந்துக்கும் பந்திச் சாப்பாட்டுக்கும் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. நானூறு, ஐந்நூறு பேர் வரும் வரவேற்புக்கு மேசை எண்ணோடு நிறுத்திக்கொண்டு பெயர் அட்டையை விட்டுவிடலாம். ஆனால் நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் குடும்ப விருந்து என்றால், இதற்காகும் இரண்டு மூன்று மாலை உழைப்பு வீண்போகாது. அடுத்த விசேஷத்துக்கு நோட்டை எடுக்கும்போது ‘வேலூர் அத்தை – 5’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். அந்த ஐந்து பேரின் பெயரையும் அன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.